உணவு ஓடரில் ஒரு பொருள் குறைந்தால்: திரையின் மூன்று வரிகளை வாசிப்பது எப்படி?

உணவு விநியோக அப்களில் சில வேளைகளில் ஒரே ஓடரின் கீழ் மூன்று வரிகள் தெரியும்: “Rider assigned”, “Item missing”, “Refund pending”. சாப்பாட்டைக் கொண்டுவர ஒருவர் நியமிக்கப்பட்டுள்ளார், ஒரு பொருள் இல்லை, பணம் திரும்ப வேண்டியுள்ளது என்பதே அவற்றின் பொருள். முதல் வரி ரைடரைப் பற்றியது. இரண்டாவது உணவகத்தைப் பற்றியது. மூன்றாவது பணத்தைப் பற்றியது. இவற்றைக் கலந்து வாசிப்பதால்தான் பலர் ரைடரோடு வாக்குவாதப்படுகிறார்கள், அல்லது பணம் வரவில்லை என்று வீணாகக் காத்திருக்கிறார்கள்.

அண்மையில் வெள்ளவத்தையில் நான் செய்த ஓடரையே உதாரணமாக எடுக்கிறேன். இரண்டு ஆட்டிறைச்சிக் கொத்து, ஒன்று 1,500 ரூபாய். ஒரு வட்டிலப்பம் 500 ரூபாய். மொத்தம் 3,500. பத்து வீதக் கழிவு போக 3,150. விநியோகக் கட்டணம் 250 சேர்த்து 3,400 ரூபாய். வங்கி அட்டையால் செலுத்தினேன்.

“Rider assigned” என்றால் ஒருவர் அந்த ஓடரை ஏற்றுக்கொண்டார் என்பது மட்டுமே. சாப்பாடு தயாராகிவிட்டது என்றோ அவர் அதை எடுத்துவிட்டார் என்றோ அர்த்தமில்லை. கடையில் கட்டி ஒட்டிக் கொடுக்கும் பையைத்தான் அவர் கொண்டுவருகிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் திறந்து பார்ப்பதில்லை. எனவே குறைந்த பொருளுக்கு அவரிடம் கணக்குக் கேட்பதில் பயனில்லை. இந்தக் கட்டத்தில் கோபத்தில் முழு ஓடரையும் ரத்துச் செய்யவும் வேண்டாம். சமையல் தொடங்கியிருந்தால் பணத்தின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ இழக்க நேரலாம்.

“Item missing” என்ற வரியில் கவனிக்க வேண்டியது அது எப்போது தோன்றியது என்பதே. சாப்பாடு வருமுன் தோன்றினால், அந்தப் பொருள் முடிந்துவிட்டது என்று உணவகம் பதிந்திருக்கிறது. நீங்கள் முறையிடத் தேவையில்லை. பில்லின் மொத்தம் குறைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சாப்பாடு வந்த பின்னரே குறை தெரிந்தால், முறைப்பாட்டை நீங்கள்தான் பதிய வேண்டும். பையையும் அதில் ஒட்டியுள்ள பில்லையும் வந்த பொருட்களையும் ஒன்றாக வைத்துப் படம் எடுங்கள். அப்பில் அந்த ஓடரைத் திறந்து, உதவிப் பகுதியில் குறைந்த பொருளைத் தெரிவுசெய்து அன்றே அனுப்புங்கள். முறைப்பாட்டுக்குக் கால எல்லை உண்டு.

எனக்குத் திரும்ப வேண்டிய தொகை 500 அல்ல, 450 ரூபாய். வட்டிலப்பத்துக்கும் பத்து வீதக் கழிவு கிடைத்திருந்ததே காரணம். மற்ற உணவு வந்து சேர்வதால் விநியோகக் கட்டணம் பொதுவாகத் திரும்புவதில்லை.

“Refund pending” என்றால் பணம் இன்னும் உங்கள் கணக்குக்கு வந்து சேரவில்லை. இங்கு இரண்டு நிலைகள் உண்டு. சில ஓடர்களில் வங்கி முதலில் பணத்தை ஒதுக்கி மட்டும் வைக்கும். பொருள் முன்கூட்டியே நீக்கப்பட்டால், இறுதியில் 2,950 ரூபாய் மட்டுமே எடுக்கப்படும். 450 ரூபாய் வந்ததாகத் தனிக் குறுஞ்செய்தி வராது. வங்கிக் கூற்றில் இறுதித் தொகையைத்தான் பார்க்க வேண்டும். முழுத்தொகையும் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தால், 450 தனி வரவாக வரும். அதற்குச் சில வங்கி வேலைநாட்கள் செல்லும். வார இறுதியையும் போயா தினத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

காசு கொடுத்து வாங்குபவர்கள், ரைடரிடம் பணம் கொடுக்குமுன் திரையில் உள்ள புதிய மொத்தத்தைப் பார்க்க வேண்டும். கொடுத்த பின் குறை தெரிந்தால், பணம் பெரும்பாலும் அப்பில் உள்ள உங்கள் கணக்கில் வரவாகவே வைக்கப்படும், கையில் வராது.

சொன்ன நாட்கள் கடந்தும் வராவிட்டால், பணத்தைத் திருப்பியதற்கான குறிப்பு இலக்கத்தை நிறுவனத்திடம் கேட்டு வாங்கி உங்கள் வங்கியிடம் கொடுங்கள். அந்த இலக்கத்தைக் கொண்டு வங்கியால் பணத்தைத் தேட முடியும். நிறுவனம் பதிலே தராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம். ஓடர் இலக்கம் தெரியும்படி எடுத்த ஸ்கிரீன்ஷொட் அப்போது கைகொடுக்கும்.

கனடாவிலிருந்து மகள் ஓடர் செய்ய யாழ்ப்பாணத்தில் தாய் சாப்பாட்டைப் பெறும் வீடுகள் எம்மிடையே பல. அங்கு முறைப்பாடு மகளின் அப்பிலிருந்துதான் போக வேண்டும்; பணமும் அவரது அட்டைக்கே திரும்பும். தாய் செய்ய வேண்டியது பையைப் பிரித்தவுடன் படம் எடுத்து அனுப்புவது மட்டுமே. பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று யாராவது தாய்க்கு அழைப்பெடுத்து அட்டை இலக்கத்தையோ தொலைபேசிக்கு வரும் ஓ.டி.பி. இலக்கத்தையோ கேட்டால், அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். எடுத்த அட்டைக்குப் பணத்தைத் திருப்பிப் போட அந்த இலக்கங்கள் எதுவும் தேவையில்லை. அவற்றைக் கேட்பவர் உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கவே கேட்கிறார்.