‘இதர பணிகள்’ என்ற கடைசி வரி

ஸ்ரீபெரும்புதூரில் உள்ள பாக்ஸ்கான் ஐபோன் ஆலைக்கு ஆள் எடுக்கும்போது திருமணமான பெண்களை ஒதுக்குகிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் பாகுபாட்டை மறுத்தது. 2022-இல் சில விளம்பரங்களில் தவறு நேர்ந்ததாகவும், அதைத் திருத்திவிட்டதாகவும் சொன்னது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அந்த ஆண்டு நவம்பரில், விளம்பரத்தில் வயது, பாலினம், திருமண நிலை எதையும் போடக் கூடாது என்று ஆள் எடுத்துத் தரும் ஏஜென்சிகளுக்கு பாக்ஸ்கான் உத்தரவிட்டதாக அதே ராய்ட்டர்ஸ் எழுதியது.

விளம்பரத்திலிருந்து திருமண நிலை பற்றிய வரியை அடித்துவிடுவது சுலபம். அந்த வரி தகுதிப் பட்டியலுக்குள் எப்படி வந்து உட்கார்ந்தது என்பதுதான் கேள்வி. வேலைக்கு வருபவர் எட்டு மணி நேரமும் கையால் என்ன செய்யப் போகிறார் என்று எழுதப்படாத வேலை விவரத் தாளில் எதை வேண்டுமானாலும் ‘அவசியம்’ என்று நுழைக்கலாம். வேலையைத் தெளிவாக எழுதியிருந்தால், தாலிக்கும் ஸ்க்ரூ டிரைவருக்கும் என்ன சம்பந்தம் என்று முதல் வாசிப்பிலேயே யாராவது கேட்டிருப்பார்கள்.

ஒரகடத்தில் கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்துதரும் ஆலை ஒன்றுக்கு லைன் இன்ஸ்பெக்டர் தேவை என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான தாளில் மூன்று வரிகள் இருக்கும்: தரத்தை உறுதி செய்தல், உற்பத்திக் குழுவுடன் இணைந்து செயல்படுதல், மேலாளர் சொல்லும் இதர பணிகள். மூன்றில் எதையும் ஒருவர் செய்தாரா இல்லையா என்று மாலையில் பார்த்துச் சொல்ல முடியாது. சொல்ல முடியாத வரி கடமை ஆகாது.

முதல் வரியை இப்படி மாற்றலாம்: ‘ஷிப்ட் தொடங்கும்போதும், டூல் மாற்றிய ஒவ்வொரு முறையும், முதல் பீஸை வெர்னியரிலும் மைக்ரோமீட்டரிலும் அளந்து, டிராயிங்கோடு ஒப்பிட்டு, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.’ என்ன செய்வது, எப்போது, எந்தக் கருவியால், எங்கே பதிவது ஆகிய நான்கும் வந்துவிட்டன. ஆனாலும் ஒன்று குறைகிறது: அளவு தப்பினால் என்ன? லைனை நிறுத்தச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டா, அல்லது மேலே சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டுமா? வாகனத் துறையின் தர விதியான ஐ.ஏ.டி.எஃப். 16949, தரத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு உற்பத்தியை நிறுத்தும் அதிகாரம் இருக்க வேண்டும் என்கிறது. தாளில் அது இல்லாவிட்டால், இரவு ஷிப்டில் கெட்ட பீஸ் ஓடிக்கொண்டே இருக்கும். பழி மட்டும் காலையில் இன்ஸ்பெக்டர் தலையில் விழும்.

அடுத்து தகுதிகள். டிப்ளமோ, 2 வருட அனுபவம், சி.எம்.எம். இயக்கத் தெரிதல், எஸ்.ஏ.பி., ஆங்கிலப் பேச்சு என எல்லாம் ஒரே மூச்சில் ‘தேவை’ என்று இருக்கும். பிரிக்க எளிய வழி, இன்று அதே வேலையை நன்றாகச் செய்யும் மூன்று பேரைப் பார்ப்பது. அவர்களில் ஒருவருக்குக்கூட எஸ்.ஏ.பி. தெரியாது என்றால் அது அவசியம் இல்லை. சேர்ந்த பிறகு பத்து நாளில் கற்றுத் தரக்கூடியது எதுவும் ‘இருந்தால் நல்லது’ வரிசைக்குப் போக வேண்டும். டிராயிங் வாசிப்பதும் மைக்ரோமீட்டரில் அளப்பதும் முதல் நாளே தேவை, அவை அவசியம். சி.எம்.எம். தனி அறையில் வேறொருவர் கையில் இருந்தால் அதுவும் விருப்பத் தகுதிதான். பிரிக்காமல் விட்டால், நேர்மையான ஐ.டி.ஐ. பையன் தாளைப் பார்த்துத் திரும்பிப் போவான். எல்லாம் தெரியும் என்று எழுதிக் கொடுப்பவன் உள்ளே வருவான்.

‘இதர பணிகள்’ வரியை முழுதாக எடுத்துவிட முடியாது. ஆலை அப்படி ஓடாது. எல்லை போடலாம்: அதே ஷிப்ட், அதே பிரிவு, பயிற்சி பெறாத இயந்திரத்தில் கை வைக்கச் சொல்லக் கூடாது.

வேலையைத் தெளிவாக எழுதாமல், பதவிப் பெயரை உயர்த்தியே சிக்கலைத் தாண்டலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. இன்ஸ்பெக்டரை ‘சூப்பர்வைசர்’ என்று எழுதிவிட்டால், சம்பளம் சட்ட வரம்பைத் தாண்டியதும் அவர் ‘தொழிலாளர்’ வரையறையில் வரமாட்டார் என்ற கணக்கு. அர்கல் கோவிந்த ராஜ் ராவ் வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம் பெயரைப் பார்க்கவில்லை. அந்த ஊழியர் முதன்மையாகச் செய்த வேலை என்ன என்று பார்த்தது. ஆகவே வேலைநீக்கத் தகராறு தொழிலாளர் நீதிமன்றம் போகும் நாளில், அலமாரியிலிருந்து எடுக்கப்படும் முதல் காகிதங்களில் இந்தத் தாளும் ஒன்று. அதில் மூன்று மங்கலான வரிகள் மட்டும் இருந்தால், அவர் உண்மையில் என்ன செய்தார் என்பதைப் பதிவேட்டில் உள்ள அவரது கையெழுத்துகள்தான் சொல்லும்.