பாதிப் பாதி என்று சொல்லிக் கூட்டு சேரும் முன்

மதுரையில் இருவர் சேர்ந்து அப்பளக் கம்பெனி தொடங்குகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் பத்து லட்சம் முதல் போடுகிறார். மற்றவர் மாதம் 25,000 ரூபாய் வேலையை விட்டுவிட்டு, காலை முதல் இரவு வரை கம்பெனியே கதி என்று கிடக்கிறார். 'லாபத்தில் பாதிப் பாதி' என்று வாயால் பேசி முடிக்கிறார்கள். ஜிஎஸ்டி எண்ணும் உத்யம் சான்றிதழும் கைக்கு வந்ததும் எல்லாம் பதிவாகிவிட்டது என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த இரண்டு தாள்களிலும் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பற்றி ஒரு வரி கிடையாது. நாம் எழுதாமல் விட்டதை 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் நிரப்பிவிடும். அதன் 13ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை பார்க்கும் கூட்டாளிக்குச் சம்பளம் இல்லை. லாபம் சமம், நஷ்டமும் சமம்.

நஷ்டமும் சமம் என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. இரண்டு வருடத்தில் பத்து லட்சமும் கரைந்து கம்பெனியை மூடுகிறார்கள். கரைந்துபோன முதலும் நஷ்டம்தான் என்றும், லாபம் பிரிக்கிற அதே விகிதத்தில் கூட்டாளிகள் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டும் என்றும் 48ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே உழைத்தவர் பணம் போட்டவருக்கு ஐந்து லட்சம் தர வேண்டியவராகிறார். வாங்காமல் விட்ட 24 மாதச் சம்பளம் ஆறு லட்சத்தையும் சேர்த்தால் அவருக்குப் போனது பதினொரு லட்சம். பணம் போட்டவருக்குப் போனது ஐந்து. கேட்கும்போது இனித்த பாதிப் பாதி, கணக்குத் தீர்க்கும்போது இப்படித்தான் முடியும்.

பணத்துக்கும் உழைப்புக்கும் தனித்தனியே விலை போட்ட பிறகே பங்கைப் பேச வேண்டும் என்பது என் கட்சி. மூன்று வருடத்துக்குக் கணக்குப் போட்டால் ஒரு பக்கம் பத்து லட்சம், மறுபக்கம் 36 மாதச் சம்பளம் ஒன்பது லட்சம். கிட்டத்தட்ட பத்துக்கு ஒன்பது. அப்படியென்றால் சமபங்கே நியாயம்தானே என்று தோன்றும். பணம் போட்டவர் உடனே கேட்பார்: "என் பணம் முதல் நாளே உள்ளே போய்விட்டது, அவர் ஆறு மாதத்தில் கழன்றுகொண்டால்?" நியாயமான கேள்வி. அதனால் உழைப்பவரின் பங்கு 36 மாதத்தில் மாதாமாதம் சேர வேண்டும். முதல் வருடம் முடியுமுன் போனால் பங்கே இல்லை என்றும் எழுதலாம். ஆனால் உழைத்த நாளுக்கு உரிய சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. சம்பளம் கொடுத்தால் அதுவே முதலைத் தின்றுவிடும் என்பது அடுத்த ஆட்சேபம். கையில் 10,000 வாங்கிக்கொண்டு, மீதி 15,000-ஐ அவர் பெயரில் முதலாக வரவு வைத்தால் போதும். முதலுக்கு வட்டி, உழைப்புக்குச் சம்பளம் இரண்டையும் கழித்து நிற்கும் லாபத்தைச் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம். போட்ட முதல் கரைந்தால் அது போட்டவரோடு போகட்டும் என்று தனி ஷரத்து கட்டாயம் வேண்டும். கட்டாயம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இந்த ஷரத்து கூட்டாளிகள் இருவருக்குள் மட்டுமே செல்லும். வெளியில் வாங்கிய கடனுக்கு, கொடுத்தவர் இருவரில் யார் சட்டையையும் பிடிக்கலாம்.

சொந்தக்காரனோடு பத்திரமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பர்மாவுக்கு ஏஜென்ட்டை அனுப்பிய நகரத்தார், தங்கள் சமூகத்து ஆளையே அனுப்பியபோதும், மூன்று வருடத் தவணை, சம்பளம், லாபத்தில் பங்கு என்று பேசி எழுதித்தான் அனுப்பினார்கள்.

பத்திரத்தைக் கோர்ட்டுப் பக்கத்து டைப்பிங் கடையின் பழைய மாதிரியில் பெயரை மட்டும் மாற்றி அடித்துவிடாதீர்கள். 'சம்பளம் பரஸ்பரம் ஒப்புக்கொண்டபடி' என்ற வரி அதில் இருந்தால் அடித்துவிட்டுத் தொகையையோ கணக்கிடும் முறையையோ எழுதுங்கள். தொகை இல்லாத அந்த வரியை வருமான வரித்துறை ஏற்காது என்று 1996லேயே சுற்றறிக்கை வந்துவிட்டது. முதலுக்கான வட்டியையும் எழுதுங்கள். வரிக்கணக்கில் 12 சதவீதம் வரைதான் செலவாக ஏற்பார்கள்.

அடுத்தது பதிவு. நிலம் பதியும் சார்பதிவாளர் அலுவலகத்தில் போய் நிற்க வேண்டாம். கூட்டு நிறுவனத்தைப் பதிவது மாவட்டப் பதிவாளர் அலுவலகம். tnreginet.gov.in தளத்திலும் விண்ணப்பிக்கலாம். பதியாத நிறுவனத்தின் கூட்டாளி, பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும், சம்பள பாக்கிக்குத் தன் கூட்டாளி மேல் வழக்குப் போட முடியாது என்கிறது 69ஆம் பிரிவு. கலைத்துக் கணக்குத் தீர்க்கக் கேட்கலாம், அவ்வளவே. பதிவைத் தள்ளிப் போடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

பிரைவேட் லிமிடெட் என்றால் வழி வேறு. தொடங்கும் நாளிலேயே இருவரும் பேசிய விகிதத்தில் முகமதிப்புக்குப் பங்கு வாங்கிவிட வேண்டும். மீதிப் பணம் கம்பெனிக்கு இயக்குநர் கொடுத்த கடனாகப் போகட்டும். பிறகு உழைப்புக்குப் பங்கு தரலாம் என்று விட்டால் சிறப்புத் தீர்மானம் வேண்டும், பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் வேண்டும். கையில் காசே வராமல் பங்கின் மதிப்புக்கு உழைத்தவர் வரியும் கட்ட வேண்டும்.

பிரிந்து போகிற கூட்டாளி பணம் வாங்கியதோடு வீட்டுக்குப் போய்விடக் கூடாது. மாவட்டப் பதிவாளருக்கு அறிவிப்புக் கொடுத்து, அரசிதழிலும் மாவட்டத்தில் ஓடும் ஒரு தமிழ் நாளிதழிலும் வெளியிட்டாக வேண்டும். இல்லாவிட்டால், மற்றவர் அடுத்த மாதம் நிறுவனத்தின் பெயரில் உளுந்து கடனுக்கு எடுத்தாலும், இவர் இன்னும் கூட்டாளி என்று நம்பிக் கொடுத்த வியாபாரி இவரிடமும் வந்து நிற்பார்.