பூச்சியத்தின் கீழே

விமானப் பொறியியலாளர் வரையும் படமொன்றைக் கண்டு வியந்தேன். கிடையச்சில் வேகம், நிலையச்சில் பாரமடங்கு. நேரே பறக்கும்போது மடங்கு ஒன்று. கீழிருந்து காற்று மோதின் அது பெருகும். மேலிருந்து அமுக்கின் பூச்சியத்தையுங் கடந்து மறைப் பெறுமானமாகும்.

விமானி செலுத்தும் முறையால் நேருஞ் சுமைக்குப் பெரிய பயணிகள் விமானங்களின் எல்லை பொதுவாக மேலே 2.5, கீழே மறை 1. அவ்வளவில் உடற்சட்டம் நிலையாக உருக்குலைதல் ஆகாது. அதன் ஒன்றரை மடங்கிலும் மூன்று வினாடி முறியாது நிற்றல் வேண்டும். காற்றுமோதலுக்குரிய கோடுகள் வேறு. வேகம் மிகுந்தால் ஒரே காற்று மிகுந்த சுமை தரும். ஆதலாற்றான் கொந்தளிப்பில் வேகந் தணிப்பர். மிகத் தணிப்பினோ இறக்கை தூக்குந் திறனை இழந்துவிடும்!

2024 மே 21இல், இலண்டனிலிருந்து சிங்கப்பூர் நோக்கி வந்த விமானமொன்று மியன்மாரின் ஐராவதிச் சமவெளிக்கு மேலே, 37,000 அடி உயரத்திற் கொந்தளிப்பில் அகப்பட்டது. பாரமடங்கு 0.6 வினாடியில் 1.35இலிருந்து மறை 1.5 ஆயிற்று, அடுத்த நான்கு வினாடிகளில் நேர் 1.5ஐ எட்டிற்று. விமானம் பாங்கொக்கில் இறங்கியது. ஆயினும் ஒரு பயணி உயிரிழந்தார், பலர் படுகாயமுற்றனர்.

ஏனெனில் அப்படம் உலோகத்தின் எல்லையைக் காட்டுவது. பட்டியணியாதவர்க்கு எல்லை பூச்சியமே. அதன் கீழே இருக்கை அவரை விட்டுத் தாழ்கிறது, முகடு தலைமேல் இறங்குகிறது. மடங்கு மீண்டதும் அவர் தரையில் வீழ்கிறார்.

பட்டிச் சமிக்ஞை இடப்பட்டதென விமானி கூறியதற்கும் இவ்வதிர்ச்சிக்கும் இடையே இருந்தது ஏறத்தாழ எட்டு வினாடி.