கட்டுரை வரவில்லை, குறிப்பு வந்திருக்கிறது

பிழை திருத்தும் வேலையை நம் நாட்டு அச்சகங்களிலும் பத்திரிகைகளிலும் 'சரவை பார்த்தல்' என்பார்கள். 'ஒப்புநோக்கல்' என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. இந்த இரண்டாவது பெயரே வேலை இன்னதென்று சொல்லிவிடுகிறது. ஒரு பக்கம் எழுதியவரின் மூலப்படி, மறு பக்கம் அச்சுப்படி. இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். பாடசாலைச் சஞ்சிகைகளில் அச்சுக்குப் போகுமுன் முதல் வரைவையே திருத்துவதால், நாம் ஒப்பிடுவது வரைவையும் எழுதியவர் தந்த அறிவுறுத்தலையும். எப்படிப் பார்த்தாலும் இரண்டு வேண்டும். அறிவுறுத்தல் மட்டும் வந்து, வரைவு வராவிட்டால் என்ன செய்வது? இதழ் வேலையில் இருப்பவர்களுக்கு இது ஒரு புதினமே அல்ல.

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். தரம் 10இல் படிக்கும் தங்கை ஒருத்தி 'எங்கள் ஊர்ப் பன்பாய்' என்று ஒரு கட்டுரை எழுதியிருக்கிறாள். அவளிடமிருந்து வந்த செய்தி இதுதான்: "தாத்தா, எழுத்துப் பிழையும் சந்திப் பிழையும் பாருங்க. நடையை மாற்ற வேண்டாம். 650 சொல்லுக்குள் வர வேண்டும். மூத்தம்மா சொன்னதை அப்படியே வையுங்க. வியாழக்கிழமை கொடுக்க வேணும்." அதன் கீழே ஒன்றும் இல்லை.

முதலில், கட்டுரை உண்மையிலேயே வரவில்லையா, வந்தும் நம் கண்ணில் படவில்லையா என்று பார்க்க வேண்டும். கைப்பேசியில் வந்த படம் தரவிறங்காமல் மங்கலாகக் கிடக்கலாம். அனுப்பிய இணைப்பைத் திறக்க நமக்கு அனுமதி தரப்படாமல் இருக்கலாம். சில வேளை கோப்பைத் திறந்தால் `jkpo;` என்பதுபோல ஆங்கில எழுத்துகள் பக்கம் பக்கமாக நிற்கும். அது குப்பையல்ல. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த 'தமிழ்' என்ற சொல்தான் அது. பகுதி முழுவதையும் தெரிவுசெய்து எழுத்துருவைப் பாமினிக்கு மாற்றினால் கட்டுரை தெரியும். இவை எதுவும் இல்லையென்றால், வரவில்லை என்றே கொள்ள வேண்டியதுதான்.

இந்த இடத்தில்தான் கை துறுதுறுக்கும். தலைப்பு தெரியும், பன்பாய் எப்படிப் பின்னப்படுகிறது என்பதும் ஓரளவு தெரியும். "அறிமுகத்தைச் சுருக்கு, பந்திகளை ஒழுங்காகப் பிரி, ஒற்றெழுத்துகளைக் கவனி, முடிவு நன்றாக இருக்கட்டும்" என்று நாலு வரி எழுதி அனுப்பிவிடலாம் போலத் தோன்றும். பார்ப்பதற்கு உதவிபோல இருந்தாலும் இதில் ஓர் ஆபத்து உண்டு. அந்த நாலு வரியைப் படிக்கும் தங்கை, தாத்தா கட்டுரையைப் பார்த்துவிட்டா என்று நம்பிவிடுவாள். யாருமே வாசிக்காத கட்டுரை, வாசித்தாயிற்று என்ற பெயரோடு அச்சுக்குப் போய்விடும். வரவில்லை என்று சொல்லியிருந்தாலோ அவள் அன்றே மீண்டும் அனுப்பியிருப்பாள்.

கட்டுரையைக் காணாமல் எழுதிய திருத்தத்தை அடையாளம் காண்பது கடினமல்ல. அதில் பக்க எண் இராது, வரி எண் இராது, கட்டுரையிலிருந்து எடுத்த ஒரு சொல்கூட இராது. அதைக் கிழித்து, கண்டிப் பெரஹரா பற்றிய கட்டுரையோடு ஒட்டினாலும் பொருந்தும். உண்மையான திருத்தம் "இரண்டாம் பக்கம், ஏழாம் வரி, இந்தச் சொல்" என்று ஓரிடத்தில் போய் நிற்கும்.

ஏன் ஊகித்துத் திருத்த முடியாது என்பதற்கு இந்தக் கட்டுரையிலேயே நல்ல சான்று கிடைக்கிறது. ரகர, றகர மயக்கம் நம் எழுத்தில் அடிக்கடி வருவது. பன்புல் வளர்வது குளக்கரையில். அதற்குச் சாயம் போட்டால் கையில் படிவது கறை. இரண்டு சொல்லுக்கும் இதே கட்டுரையில் இடமுண்டு. 'கறை' பிழையா சரியா என்பதை அது நிற்கும் வாக்கியம்தான் சொல்ல வேண்டும். சந்தியும் அப்படியே. 'பாயைப் பின்னினா' என்றால் நடுவில் 'ப்' வேண்டும். இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக நிற்கிறது. 'பாய் பின்னினா' என்றால் உருபு மறைந்து நிற்பதால் 'ப்' வராது. தங்கை எதை எழுதியிருக்கிறாள் என்று தெரியாமல் "ப் போடு" என்று சொன்னால், சரியாக இருந்ததையும் அவள் கெடுத்துவிடக் கூடும்.

அப்படியானால் சும்மா இருப்பதா? இல்லை. அறிவுறுத்தல் கையில் இருக்கிறதே, அதையே சரவை பார்க்கலாம். ஒவ்வொரு வரியையும் எடுத்து, இதைக் கட்டுரை இல்லாமல் தீர்மானிக்க முடியுமா, முடியாதா, இது இன்னொரு வரியோடு மோதுகிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். எழுத்துப் பிழையும் சந்தியும் கட்டுரைக்காகக் காத்திருக்க வேண்டியவை. ஆனால் 'பன்பாய்' என்று சேர்த்தா 'பன் பாய்' என்று பிரித்தா எழுதுவது, எண்களை இலக்கத்திலா எழுத்திலா போடுவது போன்றவற்றை இதழின் வழக்கப்படி இப்போதே ஒரு தாளில் குறித்து வைக்கலாம். கரை, கறை போன்ற இணைகளையும் அதே தாளில் எழுதி வைத்தால், கட்டுரை வந்ததும் கண் அவற்றைத் தேடிப் போகும்.

மோதல்தான் முக்கியமானது. 'நடையை மாற்ற வேண்டாம்' என்ற வரியும் '650 சொல்லுக்குள்' என்ற வரியும் கட்டுரை 640 சொல்லாக இருக்கும்வரை சண்டை பிடிக்காது. அது 900 சொல்லாக இருந்தால் 250 சொல்லை வெட்ட வேண்டும். அதைச் சரவை பார்த்தல் என்று சொல்ல முடியாது. எதை விடுவது என்று எழுதியவளே தீர்மானிக்க வேண்டும். அதேபோல, மூத்தம்மாவின் பேச்சை அப்படியே வைக்கச் சொல்கிறாள், சந்திப் பிழையும் பார்க்கச் சொல்கிறாள். மூத்தம்மா "பாயெ சுருட்டி வையி புள்ள" என்று சொல்லியிருந்தால் அங்கே சந்தியைத் திருத்துவதா? என் எண்ணம், மேற்கோள் குறிக்குள் இருக்கும் பேச்சில் கை வைக்கக் கூடாது என்பது. ஆனாலும் அவளிடம் கேட்டுவிடுவதே நல்லது.

அதனால் திருப்பி அனுப்பும் பதில் இப்படி அமையலாம்:

"தங்கை, உங்கள் குறிப்பு கிடைத்தது, கட்டுரை கிடைக்கவில்லை. நான் இன்னும் ஒரு வரியும் பார்க்கவில்லை. மீண்டும் அனுப்புங்கள். கையெழுத்தென்றால் ஒவ்வொரு தாளின் மூலையிலும் பக்க எண் எழுதிப் படமெடுங்கள். மொத்தம் எத்தனை பக்கம் என்றும் சொல்லுங்கள். இப்போது எத்தனை சொல் இருக்கிறது? 650க்கு மேலென்றால் எந்தப் பகுதியை விடலாம்? மூத்தம்மாவின் பேச்சில் சந்தியையும் விட்டுவிடவா? செவ்வாய் இரவுக்குள் வந்தால் முழுவதையும் இரண்டு முறை பார்க்கலாம். புதன் வந்தால் எழுத்துப் பிழை மட்டும்தான் பார்க்க முடியும்."

கட்டுரை கிடைக்கவில்லை என்பதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். நன்றி, வாழ்த்து எல்லாம் எழுதி அடியில் சொன்னால், அவசரத்தில் இருப்பவள் அதுவரை வாசிக்காமலே விட்டுவிடக் கூடும். பக்க எண்ணைக் கேட்பதற்கும் காரணமுண்டு. ஐந்து படத்தில் நான்கு மட்டும் வந்து, மூன்றாம் பக்கத்தின் கடைசி வாக்கியம் தற்செயலாக முற்றுப்புள்ளியோடு முடிந்திருந்தால், நாலாம் பக்கம் வராததே தெரியாது.

கட்டுரை வந்து சேர்ந்ததும், குறித்து வைத்த தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேனை இல்லாமல் ஒரு முறை முழுவதையும் வாசிக்க வேண்டும். குளக்கரையைப் பற்றி அவள் எழுதாமலே விட்டிருக்கவும் கூடும். இரண்டாம் வாசிப்பில்தான் தாளும் சிவப்புப் பேனையும் வேண்டும்.