ஜாடிக்குள் மழை

மகாராஷ்டிர மாநிலத்தில் கொங்கண் என்ற கடற்கரைப் பகுதி இருக்கிறது. அங்கே ஒரு கிராமத்துப் பள்ளி. நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அன்று மழையைப் பற்றிப் பாடம்.

ஆசிரியை மேசை மேல் ஒரு கண்ணாடி ஜாடியை வைத்தார். அதில் கால் பாகம் வெந்நீர் ஊற்றினார். கொதிக்கிற நீரை ஊற்றவில்லை. ஊற்றினால் கண்ணாடி விரிந்து போகும். வெந்நீரில் இரண்டு கரண்டி உப்பைக் கரைத்தார். ஜாடியின் வாயை ஒரு ஸ்டீல் தட்டால் மூடினார். தட்டின் அடிப்பக்கத்தை முன்பே நன்றாகத் துடைத்திருந்தார். தட்டின் மேல் ஐஸ் கட்டிகளை வைத்தார். மீன் விற்கும் ஊரில் ஐஸுக்குப் பஞ்சமா?

பத்து நிமிடம் ஆயிற்று. தட்டைச் சாயாமல் தூக்கிப் பார்த்தார்கள். அடியில் முத்து முத்தாக நீர்த்துளிகள்!

"ஐஸ் உருகி ஒழுகிவிட்டது" என்றான் ஒரு பையன். பல பிள்ளைகள் இப்படித்தான் நினைப்பார்கள். தட்டில் ஓட்டை இல்லை என்று ஆசிரியை காட்டினார். பிறகு ஐஸ் வைக்காத இன்னொரு ஜாடியைக் காட்டினார். அதன் தட்டிலும் துளிகள் இருந்தன. ஆனால் குறைவு. ஆகவே துளிகள் கீழே இருந்த நீரிலிருந்து வந்தவை. ஐஸின் வேலை குளிர வைப்பது மட்டுமே.

ஒரு சிறுமி துளியை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்புக் கரிக்கவில்லை! நீர் ஆவியாகும்போது உப்பு கீழேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் கடல் நீர் உப்பாக இருந்தாலும் மழை நீர் உப்பாக இல்லை.

வானத்தில் ஐஸ் தட்டு ஏது? உயரம்தான் அந்தத் தட்டு. காற்று மேலே போகப் போகக் குளிர்கிறது. அரபிக் கடலிலிருந்து வரும் ஈரக் காற்று சகயாத்ரி மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்கிறது. அதிலுள்ள ஆவி மேகமாகி மழை கொட்டுகிறது. மலை மேல் உள்ள மகாபலேசுவரத்தில் ஆண்டுக்கு 5 மீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. மலையின் மறுபுறம் மிகவும் குறைவு.

பிறகு ஆசிரியை ஒரு படத்தாளைக் கொடுத்தார். கடல், சூரியன், மேகம், மலை, கிணறு வரைந்திருந்தன. அம்புக்குறிகளின் பக்கத்தில் நான்கு இடங்கள் காலி. ஆவியாதல், மேகம் உருவாதல், மழை பொழிதல், நிலத்துக்குள் இறங்குதல் என்று பிள்ளைகள் எழுத வேண்டும்.

ஒரு பெண் "கடல் கொதிக்கிறது" என்று எழுதியிருந்தாள். ஜாடியில் வெந்நீரைப் பார்த்ததால் வந்த குழப்பம் இது. ஆசிரியை சிலேட்டை ஈரத்துணியால் துடைத்து நிழலில் வைத்தார். சற்று நேரத்தில் அது காய்ந்தது. நீர் ஆவியாகக் கொதிக்க வேண்டியதில்லை என்பது அவளுக்குப் புரிந்தது.

நான்காவது இடத்தைப் பலர் காலியாக விட்டிருந்தார்கள். ஜாடியில் மண் இல்லையே! ஆசிரியை அவர்களை வெளியே அழைத்துப் போனார். மிதித்து இறுகிய வாசல் தரையில் ஒரு சொம்பு நீர் ஊற்றினார். அது ஓடிப் போயிற்று. மரத்தடியில் கொத்திவிட்ட மண்ணில் இன்னொரு சொம்பு ஊற்றினார். மண் அதை உறிஞ்சிக்கொண்டது. பிள்ளைகள் வகுப்புக்கு ஓடிவந்து, கிணற்றை நோக்கி வரைந்திருந்த அம்புக்குறியின் பக்கத்தில் எழுதினார்கள்.