சதுரச் சட்டத்தில் உப்பும் படலம்

பக்கம் 1 அலகுள்ள சதுரச் சட்டத்தில் சோப்புப் படலம். அடியிலிருந்து சீராக, மெல்ல ஊதினால் அது சற்றே உப்பும். நடுவில் எவ்வளவு உயரம்? அழுத்தத்துக்கும் இழுவிசைக்கும் உள்ள விகிதத்தை 1 என்று கொண்டால் பாய்சான் சமன்பாடு இப்படி அமையும்:

−(u_xx + u_yy) = 1, விளிம்பில் u = 0

sin(mπx) sin(nπy) என்ற அலைகள் நான்கு விளிம்பிலும் தாமாகவே பூச்சியமாகிவிடும். அதனால் விடையை இவற்றின் கூட்டலாகவே தேடலாம். மாறிலி 1-ஐயும் இதே அலைகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றின் கெழுவும் 16/(π²mn). m, n இரண்டும் ஒற்றைப்படையாக இருந்தால் மட்டுமே இது உண்டு. இரட்டைப்படை அலைகளில் மேடும் பள்ளமும் சமமாகி அழிந்துவிடும். சமன்பாட்டின் இடப்பக்கம் ஒவ்வொரு அலையையும் π²(m²+n²) மடங்காக்குகிறது. ஆகவே அதனால் வகுத்தாலே போதும். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

u = Σ 16 sin(mπx) sin(nπy) / (π⁴mn(m²+n²))

நடுப்புள்ளியில் முதல் உறுப்பு மட்டும் தருவது 0.0821. (1,3), (3,1) இரண்டும் எதிர்க்குறியோடு வந்து அதை 0.0712-க்கு இறக்குகின்றன. (3,3) சேர்ந்தால் 0.0722. உண்மை விடை 0.0737. குறிகள் மாறி மாறி வருவதால் கூட்டல் மேலும் கீழும் ஆடியே அங்கே சேரும். இரண்டாவது படியில் மதிப்பு குறையாமல் கூடினால், சைன் குறியைத் தவறவிட்டிருக்கிறோம்.

விளிம்பில் மட்டும் ஒரு சிக்கல். அங்கே எல்லா அலைகளும் பூச்சியம் என்பதால் மாறிலி 1-இன் தொடர் விளிம்பில் 1-ஐத் தொட முடியாது. அதன் அருகே எத்தனை உறுப்பு சேர்த்தாலும் 1-ஐத் தாண்டித் துள்ளும். உயரத்துக்கான தொடரில் m²+n² வகுப்பதால் அந்தத் துள்ளல் இல்லை.