'நானும்தான்' என்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனை வடிவம்?

"எனக்குப் பசிக்குது" என்றால் "எனக்கும்" என்போம். "என்னால நடக்க முடியல" என்றால் "என்னாலயும்தான்". எதிரில் இருப்பவர் சொன்ன வேற்றுமையைப் பிடித்து ஓர் 'உம்' சேர்த்தால் தமிழில் வேலை முடிந்தது. வினைச்சொல்லைத் தொடவே வேண்டாம். ஆங்கிலமோ வினையைப் பார்க்கிறது, அதிலும் துணைவினையை மட்டும்.

"ஐ ஆம் டயர்ட்" என்றால் "சோ ஆம் ஐ". "ஐ கேன் ஸ்விம்" என்றால் "சோ கேன் ஐ". இவற்றில் துணைவினை கண்ணெதிரே நிற்கிறது. "ஐ லைக் டீ" என்பதில் அது இல்லை. அந்த வாக்கியத்தையே கேள்வியாக்கிப் பாருங்கள்: "டூ யூ லைக் டீ?" ஒளிந்திருந்த 'டூ' வெளியே வந்துவிடும். பதில், "சோ டூ ஐ". "ஐ மிஸ்ட் த பஸ்" என்பதைக் கேள்வியாக்கினால் 'டிட்' வரும். ஆகவே "சோ டிட் ஐ". தன்னைப் பற்றி அல்லாமல் தங்கையைப் பற்றிச் சொன்னால், ஆளுக்கேற்ப வடிவம் மாறும்: "சோ டஸ் மை சிஸ்டர்".

அதிகம் பேர் தடுக்கி விழுவது 'ஹேவ்' வரும்போது. "ஐ ஹேவ் ஃபினிஷ்ட்" என்பதில் அது துணைவினை. கேள்வி "ஹேவ் யூ ஃபினிஷ்ட்?", பதில் "சோ ஹேவ் ஐ". "ஐ ஹேவ் எ ஹெட்ஏக்" என்பதிலோ அதுவே முதன்மை வினை. "டூ யூ ஹேவ் எ ஹெட்ஏக்?" என்றுதான் இன்று கேட்பார்கள், அதனால் "சோ டூ ஐ". "ஐ ஹேவ் டு கோ" என்பதற்கும் இதே பதில்தான். பழைய பிரிட்டிஷ் நாவல் படிப்பவர்கள் இந்த இடத்தில் 'சோ ஹேவ் ஐ' என்று கண்டால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். அது அக்கால வழக்கு.

பேச்சில் சுருங்கி ஒலிக்கும் 'ஐட்' இன்னும் பொல்லாதது. "ஐட் லைக் எ காஃபி" என்பதில் இருப்பது 'வுட்'. "ஐட் ஃபர்காட்டன்" என்பதில் 'ஹேட்'. பின்னால் வரும் வினையைக் கவனித்தால்தான் எது என்று தெரியும். முதலாவதற்கு "சோ வுட் ஐ", இரண்டாவதற்கு "சோ ஹேட் ஐ".

எதிர்மறைக்கு 'நைதர்'. "ஐ டோன்ட் ஸ்மோக்" என்றால் "நைதர் டூ ஐ". 'நைதர் டோன்ட் ஐ' என்பது தவறு. இல்லை என்பதை 'நைதர்' ஏற்கெனவே சொல்லிவிட்டது. "ஐ நெவர் ஈட் மீட்" என்பதில் 'நாட்' இல்லாவிட்டாலும் 'நெவர்' எதிர்மறைதான். அதற்கும் "நைதர் டூ ஐ".

சொல்வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். "யூ ஹேவ் காட் இங்க் ஆன் யுவர் ஷர்ட்" என்று ஒருவர் காட்டும்போது "சோ ஐ ஹேவ்!" என்றால், 'அட, ஆமாம், என் சட்டையில் மை!' என்று பொருள். "சோ ஹேவ் ஐ" என்றால் அவர் சட்டையில்தான் மை, உங்கள் சட்டையிலும் இருக்கிறது என்றாகிவிடும். அவர் குனிந்து தன் சட்டையைத் தேட ஆரம்பிப்பார்.